ஒருமுறைதான் கேட்க முடியும்

புதிதாக ஒரு கடையின் இணையதளத்தைத் திறக்கிறோம். என்னென்ன விற்கிறார்கள் என்றுகூட இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் திரையின் மேலே ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்ப விரும்புகிறது, 'அனுமதி'யா, 'தடு'வா என்று கேட்கிறது. யோசிக்காமல் 'தடு'வை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறோம். அடுத்த வாரம் அதே கடையில் ஒரு பொருளை வாங்கி, பார்சல் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம். அப்போது அந்தக் கடை நம்மிடம் மறுபடி அனுமதி கேட்க நினைத்தாலும் முடியாது. பிரவுசர் விடாது.

இப்படித் தடுப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லா அதை 2019இல் வெளியிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் 63ஆம் பதிப்பில் ஒரே மாதத்தில் 145 கோடி முறை இந்தப் பெட்டி காட்டப்பட்டது. அதில் அனுமதி கிடைத்தது சுமார் 2 கோடியே 36 லட்சம் முறை. அறுபது தடவை கேட்டால் ஒரு தடவைதான் 'சரி' என்று பதில் வந்திருக்கிறது. மக்களுக்கு அறிவிப்பே பிடிக்காது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எதற்கு என்று தெரியாத நேரத்தில் கேட்டால் யாருமே 'வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள்.

வாங்கிய பொருள் எப்போது வரும் என்று சொல்ல இந்த வசதியைப் போல வேறொன்றும் பொருந்தாது என்பது என் கருத்து. ஆனால் கேட்கும் நேரத்திலும், மறுத்தவரை நடத்தும் விதத்திலும்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. அறிவிப்பை அனுப்புகிற நிரலை ஒரு நாளில் எழுதிவிடலாம்.

உதாரணத்துக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் விற்கும் சிறிய கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். சொந்தமாக இணையதளம் இருக்கிறது, கூரியரில் அனுப்புகிறார்கள், தனி ஆப் கிடையாது. வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல இதுவரை எஸ்.எம்.எஸ். அனுப்பிவந்தார்கள். இந்தியாவில் வணிக எஸ்.எம்.எஸ். அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி நிறுவனத்தின் பெயர், அனுப்புநர் அடையாளம், செய்தியின் வாசகம் எல்லாவற்றையும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். வாசகத்தை மாற்றினால் மறுபடி பதிய வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் காசு. பிரவுசர் வழியாகப் போகும் புஷ் அறிவிப்புக்கு கூகுளோ, மொசில்லாவோ, ஆப்பிளோ கட்டணம் வாங்குவதில்லை. அதனால்தான் சிறிய கடைகள் இதன் பக்கம் வருகின்றன.

செய்தி எப்படி வந்து சேர்கிறது

நாம் பக்கத்தை மூடிவிட்டுப் போன பிறகும் கடையின் செய்தி எப்படி நம் போனில் வருகிறது? கடையின் தளம் நம் பிரவுசரில் ஒரு சின்ன நிரலை விட்டுவைக்கிறது. அதற்கு சர்வீஸ் ஒர்க்கர் என்று பெயர். பக்கம் திறந்திருக்க வேண்டிய அவசியமில்லை, செய்தி வரும்போது பிரவுசரே அதை எழுப்பும். தளம் பாதுகாப்பான `https` முகவரியில் இருந்தால் மட்டுமே இதை வைக்க முடியும்.

நாம் அனுமதி கொடுத்ததும் பிரவுசர் ஒரு நீளமான முகவரியையும் இரண்டு சாவிகளையும் உருவாக்கிக் கடையிடம் கொடுக்கிறது. இதைச் சந்தா என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரி கடையின் சர்வரைக் குறிக்காது, பிரவுசரைத் தயாரித்தவரின் அஞ்சல் சர்வரைக் குறிக்கும். குரோம் என்றால் `fcm.googleapis.com` என்று தொடங்கும். ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லாவின் சர்வர், சஃபாரிக்கு ஆப்பிளின் சர்வர். கடைக்காரர் 'பார்சல் கிளம்பிவிட்டது' என்று தன் கணினியில் குறித்ததும், கடையின் சர்வர் செய்தியை அந்தச் சாவிகளால் பூட்டி அந்த முகவரிக்கு அனுப்புகிறது. நடுவில் இருக்கும் கூகுளோ ஆப்பிளோ அதைத் திறந்து படிக்க முடியாது. நம் பிரவுசர்தான் பூட்டைத் திறந்து, சர்வீஸ் ஒர்க்கரை எழுப்பி, அறிவிப்பைத் திரையில் காட்டுகிறது. இந்த ஏற்பாடு குரோமில் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2016இலும் வந்தது.

சந்தா ஆளுக்கு உரியதல்ல, பிரவுசருக்கு உரியது. அலுவலகக் கணினியில் ஆர்டர் போட்டு அங்கேயே அனுமதி கொடுத்தவருக்கு, சனிக்கிழமை வரும் பார்சல் பற்றிய செய்தி அலுவலகக் கணினிக்குத்தான் போகும். அவர் வீட்டில் இருப்பார், கணினி அணைந்து கிடக்கும். ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்து வைக்காவிட்டாலும் செய்தி வந்துவிடும். மேசைக் கணினியில் பிரவுசரை முழுக்க மூடிவிட்டால் மறுபடி திறக்கும்வரை பொதுவாகக் காத்திருக்கும். இதனால் 'இந்தக் கணினியில்', 'இந்த போனில்' என்று கேள்வியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேட்கும் நேரம்

தாம்பரத்தில் இருக்கும் ஒருவர் செவ்வாய்க்கிழமை மாலை அந்தக் கடையில் இரண்டு கிலோ கடலைமிட்டாய்க்குப் பணம் கட்டுகிறார். 'உங்கள் ஆர்டர் எண் 2417, நன்றி' என்ற பக்கம் வருகிறது. கேட்க வேண்டிய இடம் இதுதான். முகப்புப் பக்கத்திலும் கூடாது, பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கூடாது, பணம் கட்டும் பக்கத்தில் அறவே கூடாது. ஓ.டி.பி.க்காகக் காத்திருப்பவரின் முன்னால் இன்னொரு பெட்டியை நீட்டினால் ஆர்டரே கைவிட்டுப் போகலாம். பணம் கட்டி முடித்த அந்த நிமிடத்தில் அவர் மனதில் இருக்கும் ஒரே கேள்வி, 'எப்போது வரும்?' என்பதுதான்.

அங்கேயும் பிரவுசரின் பெட்டியை நேராகக் காட்டக் கூடாது. முதலில் கடை தன் வாயால் கேட்க வேண்டும். பக்கத்துக்குள்ளேயே ஒரு வரி: 'பார்சல் கிளம்பும்போதும், வீட்டுக்கு வரும் நாளன்று காலையும், கொடுத்து முடித்ததும் இந்த போனில் சொல்லட்டுமா? மூன்றே செய்தி. விளம்பரம் வராது.' அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: 'சரி, சொல்லுங்கள்', 'வேண்டாம், எஸ்.எம்.எஸ். போதும்'.

இரண்டு முறை கேட்பது சுற்று வழியாகத் தோன்றலாம். ஆனால் கடையின் சொந்தப் பொத்தானில் ஒருவர் 'வேண்டாம்' என்றால் அது பிரவுசரின் கணக்கில் ஏறாது. அடுத்த ஆர்டரின்போது மறுபடி கேட்கலாம். பிரவுசரின் பெட்டியில் 'தடு' என்றால் அந்த வழி அடைபட்டது. ஆகவே கடையின் கேள்விக்குச் 'சரி' சொன்னவரிடம் மட்டும் பிரவுசரின் பெட்டியைக் காட்டினால், அங்கே மறுப்பு வருவது மிகவும் குறையும்.

பிரவுசர்களும் இந்தப் பக்கமே தள்ளுகின்றன. சஃபாரியும், 2020 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 72ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸும், பயனர் ஏதாவது ஒன்றைத் தொட்டு அழுத்தினால் ஒழிய இந்தப் பெட்டியைக் காட்டுவதில்லை. பக்கம் திறந்ததும் தானாகக் கேட்கும் தளங்களின் கேள்வி அங்கே யார் கண்ணிலும் படுவதில்லை. குரோம் வேறு முறையைக் கையாளுகிறது. 2020இல் வந்த 80ஆம் பதிப்பிலிருந்து, பெரும்பாலானோர் மறுக்கிற தளங்களுக்குப் பெரிய பெட்டியைக் காட்டாமல், முகவரிப் பட்டையில் கோடு போட்ட ஒரு சின்ன மணியை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. முகப்பில் போவோர் வருவோரை எல்லாம் கேட்டு மறுப்புகளைச் சேர்த்துக்கொண்ட கடை, உண்மையாகவே ஆர்டர் செய்து 'சரி, சொல்லுங்கள்' என்று அழுத்தியவரிடமும் அந்தச் சின்ன மணியைத்தான் காட்ட முடியும். அவர் அதைக் கவனிக்கவே மாட்டார். முந்தின மாதம் யாரையோ தொந்தரவு செய்ததற்கு இந்த மாத வாடிக்கையாளரிடம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பொத்தானின் பின்னால் இருக்கும் நிரல் இவ்வளவுதான்:

```js
button.addEventListener('click', async () => {
  const answer = await Notification.requestPermission();
  if (answer !== 'granted') return showSmsOption(answer);
  const reg = await navigator.serviceWorker.ready;
  const sub = await reg.pushManager.subscribe({
    userVisibleOnly: true,
    applicationServerKey: publicKey
  });
  await saveForOrder(2417, sub);
});
```

இதில் வரிசை முக்கியம். பொத்தானை அழுத்தியதும் முதல் வேலையாக அனுமதியைக் கேட்கிறது. சிலர் முதலில் சர்வரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டு அப்புறம் கேட்பார்கள். அதற்குள் ஓரிரு விநாடி போய்விட்டால், சஃபாரி 'இது பயனர் அழுத்தியதால் வந்த கேள்வி அல்ல' என்று முடிவு செய்து பெட்டியைக் காட்டாது. வேகமான இணைப்பில் சோதிக்கும் நிரலாளருக்கு எல்லாம் சரியாக இருக்கும், மெதுவான இணைப்பில் இருக்கும் வாடிக்கையாளருக்குப் பொத்தான் வேலை செய்யாது. சாவியைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

`userVisibleOnly` என்பது கடை பிரவுசருக்குக் கொடுக்கும் வாக்கு. 'வரும் ஒவ்வொரு செய்தியையும் பயனர் கண்ணில் படும்படி காட்டுவேன், திருட்டுத்தனமாக எழுப்பி வேறு வேலை செய்ய மாட்டேன்' என்று அதற்குப் பொருள். வாக்கை மீறினால் குரோம், 'இந்தத் தளம் பின்னணியில் புதுப்பிக்கப்பட்டது' என்ற பாணியில் ஓர் அறிவிப்பைத் தானே போட்டுக் காட்டிக்கொடுக்கும். சஃபாரி சந்தாவையே ரத்து செய்துவிடும்.

மறுத்தவர்கள்

பிரவுசரின் கேள்விக்கு மூன்று விதமான பதில் வரலாம். `granted` என்றால் அனுமதி. `denied` என்றால் தடை. பெட்டியை மூடிவிட்டாலோ கண்டுகொள்ளாமல் விட்டாலோ `default`, அதாவது இன்னும் பதில் சொல்லவில்லை. கடைசி இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

`default` என்றால் பின்னால் மறுபடி கேட்கலாம். அதே பக்கத்தில், அதே நிமிடத்தில் கேட்பது கூடாது. குரோமில் ஒருவர் மூன்று முறை பெட்டியை மூடிவிட்டால், அந்தத் தளம் ஒரு வாரம் கேட்க முடியாதபடி குரோம் தானாகவே தடுத்துவிடும். அடுத்த ஆர்டர்வரை பொறுத்திருப்பதே சரி.

`denied` வேறு மாதிரி. இதற்குப் பிறகு `Notification.requestPermission()` என்று எத்தனை முறை அழைத்தாலும் திரையில் எதுவுமே தோன்றாது. பிரவுசர் உடனே `denied` என்று திருப்பிச் சொல்லிவிடும். இது தெரியாமல் எழுதப்பட்ட தளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்பு எப்போதோ தடுத்துவிட்டு மறந்துபோன வாடிக்கையாளர் 'சரி, சொல்லுங்கள்' பொத்தானை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். பக்கத்தைப் புதுப்பித்து அழுத்துகிறார். தளம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார், பணம் கட்டியது போய்ச் சேர்ந்ததா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது. கடைக்குப் போன் வருகிறது.

அதனால் பக்கம் திறக்கும்போதே `Notification.permission` என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இதைப் பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை, பயனருக்கு எந்தப் பெட்டியும் தோன்றாது. அங்கே `denied` என்றிருந்தால் அந்தப் பொத்தானையே காட்டக் கூடாது. அதற்குப் பதிலாக, '9 என்று முடியும் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறோம். இந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நிலவரம் தெரியும்' என்று அமைதியாக எழுதினால் போதும். அதன் அருகில் சிறிய எழுத்தில், 'பிரவுசர் அறிவிப்பு வேண்டுமா?' என்று ஒரு இணைப்பு இருக்கலாம். அதை அவராகத் தொட்டால் மட்டும் வழியைச் சொல்லலாம்: முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தைத் தொட்டு, அனுமதிகளுக்குள் போய், அறிவிப்புகளை இயக்க வேண்டும். இதைப் படங்களோடு பெரிய பெட்டியாகப் போட்டு ஆர்டர் பக்கத்தை மறைப்பது, 'வேண்டாம்' என்றவரை வழிமறிப்பதாகும்.

இன்னும் மோசமான வழிகளும் நடைமுறையில் இருக்கின்றன. அனுமதி என்பது முகவரிக்கு முகவரி தனி. ஆகவே மறுத்தவரை வேறொரு துணை முகவரிக்குத் தள்ளி அங்கே புதிதாகக் கேட்கிறார்கள். 'அனுமதி' அழுத்தினால்தான் ஆர்டர் நிலவரம் தெரியும் என்று பூட்டி வைக்கிறார்கள். ஒருவர் தெளிவாக இல்லை என்று சொன்ன பிறகு அவரைச் சுற்றி வளைப்பது ஏமாற்று. பணம் கொடுத்தவருக்குப் பார்சல் எங்கே என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது, அதைப் பணயமாக வைக்கக் கூடாது.

அதே விதி தெரியாமலும் ஒரு சிக்கல் வரும். `www` உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் பிரவுசரின் கண்ணுக்கு இரண்டு வேறு தளங்கள். ஒன்றில் கொடுத்த அனுமதி மற்றொன்றில் செல்லாது. ஏதாவது ஒன்றை முடிவு செய்து, மற்றதிலிருந்து அதற்கே திருப்பிவிட வேண்டும்.

கேட்கவே முடியாதவர்கள்

மறுத்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு கூட்டத்தை மறந்துவிடுவோம். ஐபோனில் இந்த வசதி 2023 மார்ச்சில் வந்த ஐ.ஓ.எஸ். 16.4இல்தான் வந்தது. அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்து, அங்கிருந்து திறந்தால் மட்டுமே. கடலைமிட்டாய் வாங்க வந்தவர் தளத்தை முகப்புத் திரையில் சேர்க்கப் போவதில்லை. மாதாமாதம் வாங்குகிறவரிடம் வேண்டுமானால் சொல்லிப் பார்க்கலாம்.

சாதாரண ஐபோன் சஃபாரியில் `Notification` என்ற சொல்லே பிரவுசருக்குத் தெரியாது. `Notification.permission` என்று நிரல் கேட்ட உடனே பிழை எழுந்து, அதற்குக் கீழே இருக்கும் நிரல் முழுவதும் நின்றுவிடும். ஆர்டர் நிலவரத்தைக் காட்டும் பகுதியும் அதற்குக் கீழே இருந்தால் அதுவும் வராது. ஆண்ட்ராய்டில் சோதித்துவிட்டு வெளியிடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஐபோன்காரர்கள் 'பக்கம் காலியாக வருகிறது' என்று சொல்லும்போதுதான் தெரியும். தடுக்க ஒரே ஒரு சோதனை போதும்:

```js
const canPush = 'Notification' in window
  && 'serviceWorker' in navigator
  && 'PushManager' in window;
```

இன்ஸ்டாகிராமில் கடையின் விளம்பரத்தைப் பார்த்து இணைப்பைத் தொடுகிறவர்களுக்கும் இதே நிலைதான். இன்ஸ்டாகிராம் அந்தப் பக்கத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே திறக்கிறது. அது முழுமையான பிரவுசர் அல்ல, புஷ் அறிவிப்பு அங்கே கிடையாது. சிறிய கடைகளுக்கு அந்த வழியாகவும் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஆகவே `canPush` இல்லை என்றால் கேள்வியைக் கேட்காமல் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு நேராகப் போய்விட வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு

தாம்பரத்துக்காரர் அனுமதி கொடுத்துவிட்டார். புதன்கிழமை பார்சல் கிளம்புகிறது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, 'இன்று வருகிறது' என்று இரண்டாவது செய்தி அனுப்ப வேண்டும். இங்கே தவறாமல் கவனிக்க வேண்டியது, அஞ்சல் சர்வர் அந்தச் செய்தியை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. போன் அணைந்திருந்தால் செய்தி அங்கே காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை அனுப்புகிற கடைதான் `TTL` என்ற தலைப்பில் விநாடிக் கணக்கில் சொல்ல வேண்டும். பலர் பயன்படுத்தும் `web-push` என்ற நிரல் தொகுப்பில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது நான்கு வாரம் என்று எடுத்துக்கொள்ளும். ஊருக்குப் போய் போனை அணைத்து வைத்திருந்தவர் பத்து நாள் கழித்துத் திறக்கும்போது 'இன்று வருகிறது' என்று செய்தி வரும். அவர் வாசலிலேயே காத்திருப்பார். காலை ஒன்பது மணிச் செய்திக்குப் பத்து மணி நேரம், அதாவது 36000 விநாடி கொடுத்தால் இரவு ஏழு மணியோடு அது செத்துவிடும். 'கிளம்பிவிட்டது' என்பதற்கு இரண்டு நாள் கொடுக்கலாம். பூஜ்யம் என்று போட்டால் அந்த நொடியில் போன் இணைப்பில் இல்லாவிட்டால் செய்தி அங்கேயே தொலைந்துபோகும்.

மூன்று செய்தியும் திரையில் மூன்று வரிசையாகக் குவிய வேண்டியதில்லை. அறிவிப்பைக் காட்டும்போது `tag` என்ற இடத்தில் `order-2417` என்று ஒரே பெயரைக் கொடுத்தால் புதியது பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். செய்தியில் என்ன எழுதுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பூட்டிய திரையிலும் அது தெரியக்கூடும், வீட்டில் ஒரே போனை நான்கு பேர் பார்ப்பார்கள். 'ஆர்டர் 2417 இன்று வருகிறது' என்பதே போதும். விலாசமும் தொகையும் தொட்ட பிறகு திறக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.

அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? அஞ்சல் சர்வர் 201 என்று பதில் சொன்னால், 'செய்தியை வாங்கிக்கொண்டேன்' என்று மட்டுமே பொருள். வாடிக்கையாளர் பார்த்தார் என்று ஆகாது. போனின் அமைப்பில் குரோமுக்கே அறிவிப்பு அணைக்கப்பட்டிருக்கலாம், கணினி தொந்தரவு செய்யாதே நிலையில் இருக்கலாம், பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் எல்லாவற்றையும் தூங்க வைத்திருக்கலாம். 410 அல்லது 404 என்று பதில் வந்தால் அந்தச் சந்தா இனி இல்லை. வாடிக்கையாளர் பின்னால் மனம் மாறி அனுமதியைத் திரும்பப் பெற்றிருந்தால், பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கடைக்குத் தெரியவரும். அந்தச் சந்தாவை உடனே அழித்துவிட்டு, அதே செய்தியை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்ப வேண்டும். அழிக்காமல் விட்டால் பட்டியலில் செத்த முகவரிகள் பெருகும், எத்தனை பேருக்குச் செய்தி போகிறது என்ற கணக்கே பொய்யாகிவிடும்.

201 வந்த பிறகும் சந்தேகம் இருப்பதால், 'இன்று வருகிறது' என்ற முக்கியமான செய்திக்கு மட்டும் ஒரு காவல் வைக்கலாம். சர்வீஸ் ஒர்க்கர் அறிவிப்பைக் காட்டும்போதே கடையின் சர்வருக்கு 'காட்டிவிட்டேன்' என்று ஒரு குறிப்பு அனுப்பும்படி எழுத முடியும். பதினைந்து நிமிடத்தில் அந்தக் குறிப்பு வரவில்லை என்றால் எஸ்.எம்.எஸ். போகட்டும். தாம்பரத்துக்காரர் ஒன்பதே காலுக்குள் ஏதாவது ஒரு வழியில் சேதியைத் தெரிந்துகொள்வார். எப்போதாவது இரண்டும் வந்து சேரலாம், அதனால் கெட்டது ஒன்றுமில்லை. எஸ்.எம்.எஸ். செலவு, வராமல் போன சிலருக்கு மட்டும் என்று சுருங்கிவிடும்.

சர்வரில் இன்னொரு பொருளைப் பத்திரமாக வைக்க வேண்டும். 'இந்தச் சந்தாவுக்கு அனுப்புவது நான்தான்' என்று கடை கையெழுத்துப் போட ஒரு சாவி ஜோடி இருக்கிறது. அதற்கு வாபிட் சாவி என்று பெயர். அதில் பொதுச் சாவியைத்தான் மேலே நிரலில் `publicKey` என்று பார்த்தோம். மற்றொன்று ரகசியம், சர்வரைவிட்டு வெளியே போகக் கூடாது. சர்வரை மாற்றும்போது பழைய சாவியைத் தொலைத்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால், அதுவரை சேர்ந்த சந்தாக்கள் எதற்கும் செய்தி போகாது. அனுமதி அப்படியே இருக்கும், சந்தாவை மட்டும் அந்தந்தப் பிரவுசரில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு அவர்கள் மறுபடி தளத்துக்கு வர வேண்டும்.

சனிக்கிழமை கடலைமிட்டாய் கைக்குக் கிடைத்து மூன்றாவது செய்தியும் போய்விட்டது. இப்போது கடைக்காரருக்கு ஓர் ஆசை வரும். இத்தனை பேர் அனுமதி கொடுத்திருக்கிறார்களே, தீபாவளித் தள்ளுபடியை எல்லோருக்கும் தட்டிவிடலாமே என்று. 'மூன்றே செய்தி, விளம்பரம் வராது' என்று சொல்லி வாங்கிய அனுமதி அது. நான்காவதாக வரும் விளம்பரத்தைப் பார்த்ததும் அறிவிப்பின் மேலேயே இருக்கும் பொத்தானைத் தொட்டு நிறுத்திவிடுவார்கள், அது `denied` ஆகிவிடும். விளம்பரம் அனுப்பியே தீர வேண்டும் என்றால் அதற்குத் தனியாகக் கேட்டு, யார் எதற்குச் சம்மதித்தார் என்று சர்வரில் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும். பிரவுசருக்கு ஒரே அனுமதிதான் தெரியும், எந்தச் செய்திக்கு எது என்று பிரித்துப் பார்ப்பது கடையின் வேலை.

ஆர்டருக்காக எடுத்த சந்தாவை, பார்சல் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து சர்வரிலிருந்து அழித்துவிடலாம். பொருளைத் திருப்பி அனுப்புவது போன்ற விவகாரம் ஏதும் வந்தால் அந்த ஒரு வாரம் போதும். வாடிக்கையாளரின் பிரவுசரில் அனுமதி பொதுவாக அப்படியே இருக்கும். மறுபடி ஆர்டர் போட்டு 'சரி, சொல்லுங்கள்' என்று அழுத்தும்போது பிரவுசர் எதையும் கேட்காமல் உடனே சந்தாவைக் கொடுத்துவிடும்.